தைராய்டு மாத்திரை, காலைக் காபி, சத்து மாத்திரை: ஒரு நாளுக்குள் எப்படி அடுக்குவது?

தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்ததும் டாக்டர் தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுப்பார். தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று கடையில் பல பெயர்களில் கிடைப்பது இந்த ஒரே மருந்துதான். சீட்டில் "காலை, வெறும் வயிற்றில்" என்று ஒரு வரி இருக்கும். அதே சீட்டில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கேஸ் மாத்திரையும் இருந்தால் எதை எப்போது போடுவது என்று பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. மருந்துக்கடையில் நின்று பார்க்கிற எனக்கு இது நன்றாகவே தெரியும். வாங்குபவருக்கும் அவசரம், கொடுப்பவருக்கும் அவசரம். அதனால் முதல் முறை தைராய்டு மாத்திரை தொடங்குபவருக்கு நிதானமாக உட்கார்ந்து சொல்வது போல இதை எழுதுகிறேன்.

வெறும் வயிறு என்றால் என்ன?

மாத்திரை இரைப்பையில் கரைந்து, சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். கரைவதற்கு இரைப்பையின் அமிலம் வேண்டும். சேர்வதற்குக் குடலில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேறெதுவும் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் மருந்தின் பெரும்பகுதி உள்ளே போய்ச் சேரும். சாப்பாட்டோடு போட்டால் அது நன்றாகக் குறையும். இந்த மருந்தின் அளவு மைக்ரோகிராமில் இருப்பதால் கொஞ்சம் வீணானாலும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும். ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கங்கள் நிறைய. ஊறவைத்த வெந்தயத் தண்ணீர், எலுமிச்சையும் தேனும், நெல்லிக்காய்ச் சாறு, சீரகத் தண்ணீர், ஏதாவது ஒரு கஷாயம். இவற்றைக் குடிப்பவர்கள் "நான் வெறும் வயிற்றில்தான் போடுகிறேன்" என்றே சொல்வார்கள், உண்மையாகவும் நம்புவார்கள். வெந்தயத்தில் நார்ச்சத்து அதிகம், நார்ச்சத்து மருந்தை உள்ளே விடாமல் குறைக்கும். இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

முதல் படி: தைராய்டு மாத்திரைக்கு ஒரு நேரம்

மற்ற எல்லா மாத்திரைகளையும் நகர்த்தலாம். இதை நகர்த்துவது கடினம். அதனால் முதலில் இதற்கு இடம் போட்டுவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். இதற்கு மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, எழுந்தவுடன். மாத்திரைக்கும் காபி, டீ, பால், டிபன் எதற்கும் நடுவில் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் வேண்டும். முடிந்தால் ஒரு மணி நேரமே வையுங்கள் என்பேன். நம் ஃபில்டர் காபியில் டிகாஷனும் பாலும் சேர்ந்தே இருக்கின்றன. காபி தனியாகவே மருந்தைக் குறைக்கும். 2008-ல் இத்தாலிய மருத்துவர்கள் எஸ்பிரஸோ காபியோடு மாத்திரை போட்டவர்களிடம் இதைக் காட்டினார்கள். பாலில் இருக்கும் கால்சியம் இன்னொரு பக்கம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பால் இல்லாத கட்டங்காபி குடிப்பவருக்கும் விதி அதேதான்.

இரண்டாவது இடம், விடியற்காலை. வயதானவர்களில் பலர் மூன்று, நான்கு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுவார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் அன்றைக்கான ஒரு மாத்திரையையும் மூடிய சொம்பில் தண்ணீரையும் வைத்துவிட்டால், அப்போதே போட்டுவிட்டுத் திரும்பப் படுக்கலாம். ஆறு மணிக்குக் காபி குடிக்க எந்தத் தடையும் இருக்காது. காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாமல் எரிச்சலடையும் பெரியவர்களுக்கு இது மிக நன்றாக ஒத்துப்போகும். ஒரே கவனம்: தூக்கக் கலக்கத்தில் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரக் கூடாது. அதற்காகத்தான் முழு டப்பாவை வைக்காமல் ஒரு மாத்திரையை மட்டும் ஒரு சின்ன மூடி போட்ட டப்பியில் வைக்கச் சொல்கிறேன். காலையில் டப்பி காலியாக இருந்தால் போட்டாயிற்று.

மூன்றாவது, இரவு படுக்கும் நேரம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 2010-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வில், இதே மாத்திரையைக் காலைக்குப் பதில் படுக்கும்போது போட்டவர்களுக்கு ரத்த அளவுகள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே வந்தன. ஆனால் நம் ஊரில் இதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ஒன்பதரை மணிக்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வீட்டில் இது நடக்காது. படுக்கும் முன் பால் குடிப்பவருக்கும் நடக்காது. ஏழு, ஏழரைக்குள் இரவுச் சாப்பாட்டை முடிப்பவர்களுக்கு மட்டும் சரி. ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கும் இது ஒரு வழி. நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம், இல்லையென்றால் சஹருக்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து போடலாம்.

மூன்றில் எது என்பதை உங்கள் வீட்டு நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு மாற்றாமல் இருப்பது முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது படி: நான்கு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டியவை

இரும்பும் கால்சியமும் தைராக்சினோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு, அதை ரத்தத்துக்குள் போகவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். அரை மணி நேர இடைவெளி இவற்றுக்குப் போதாது. நான்கு மணி நேரம் வேண்டும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும் அமில மருந்து, அதாவது நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சிரப், மெல்லும் மாத்திரை, இவற்றுக்கும் அதே நான்கு மணி நேரம்தான். அவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன.

பலர் தவறவிடுவது மல்டி வைட்டமின் மாத்திரையை. "அது வெறும் சத்து மாத்திரைதானே" என்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவிடுவார்கள். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரும்பு, கால்சியம், மெக்னீசியம் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அதையும் நான்கு மணி நேரம் தள்ளுங்கள். பாலில் கலந்து குடிக்கும் சத்து மாவுகளிலும் இரும்பும் கால்சியமும் சேர்த்திருப்பார்கள். கேழ்வரகிலேயே இயல்பாகக் கால்சியம் அதிகம், அதனால் கேழ்வரகுக் கூழ் குடிப்பவர்கள் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குடிக்க வேண்டாம். மீல் மேக்கர் போன்ற சோயா உணவுகளும் மருந்தைக் குறைக்கும். ஆனால் அவற்றை மதியக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் கவலை இல்லை.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வழக்கமாகக் கொடுக்கும் அம்லோடிபின், மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகளோடு இந்த ஒட்டிக்கொள்ளும் சண்டை இல்லை. அவற்றை டாக்டர் சொன்னபடி டிபனோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது படி: இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில்

இனி வருவதுதான் சிக்கலான பகுதி. இரும்பும் கால்சியமும் தைராக்சினோடு மட்டும் மோதுவதில்லை, தங்களுக்குள்ளும் மோதும். ஒரே நேரத்தில் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் கொடுத்து, சேர்த்துப் போடாதீர்கள் என்று நர்ஸ் சொல்வது இதனால்தான்.

இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். டீ, காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடும். பாலும் தயிரும் கால்சியத்தால் குறைக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றிலிருக்கும் வைட்டமின் சி அது சேர உதவும். ஆக, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது டீ குடிக்காமல் இருப்பது நல்லது. சிலருக்கு இப்படிப் போட்டால் வயிறு பிரட்டும், குமட்டும். அப்படியானால் நிறுத்திவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் போடாமல் இருப்பதைவிட மேல். மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்.

கால்சியம் இதற்கு நேர்மாறு. கடையில் அதிகம் விற்பது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும், சாப்பிடும்போது அமிலம் சுரக்கும். அதனால் அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அட்டையில் கால்சியம் சிட்ரேட் என்று இருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளித்தான்.

ஒரு நாளை அடுக்கிப் பார்ப்போம்

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தேகாலுக்குக் காபி குடித்து, சமைத்து, எட்டேகாலுக்குப் பஸ் பிடிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஏழரைக்கு இட்லி. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் டீ. ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலரைக்கு மறுபடி டீ. இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குத் தூக்கம். சீட்டில் தைராக்சின் 75 மைக்ரோகிராம் ஒன்று, இரும்பு ஒன்று, கால்சியம் கார்பனேட் 500 ஒன்று.

எழுந்தவுடன் ஐந்து மணிக்குத் தைராக்சின். காபி ஐந்தேகாலிலிருந்து ஆறு மணிக்குப் போகிறது. இந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் அவர் உண்மையில் விட்டுக்கொடுப்பது. அந்த நேரத்தில் காய் நறுக்குவதையும் குக்கர் வைப்பதையும் முடித்துவிடலாம். ருசி பார்க்க எதையும் வாயில் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழரைக்கு இட்லி. ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம். தைராக்சின் போட்டு எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. இரும்பு இரவு பத்து மணிக்கு, எட்டு மணிச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து. மறுநாள் ஐந்து மணித் தைராக்சினுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. டீ இரண்டும் அப்படியே இருக்கலாம்.

கால்சியம் ஒரு நாளைக்கு இரண்டு என்றால்? காலை டிபனோடு ஒன்று போட முடியாது, நான்கு மணி நேரம் ஆகாது. அப்போது மதியமும் இரவுமாகச் சாப்பாட்டோடு கால்சியத்தைப் போட வேண்டும். இரவில் கால்சியத்துக்குப் பக்கத்தில் இரும்பு நிற்கக் கூடாது, அதனால் இரும்பைப் பதினொரு மணிக்குக் கொண்டுவர வேண்டும். இட்லி சாப்பிட்டு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், தைராக்சின் போட்டு ஆறு மணி நேரம். ஆனால் பதினொரு மணி டீயை விட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். நாலரை மணி டீக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மாத்திரையை மட்டும் சமையலறையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. டப்பாவில் வரும் மாத்திரையை அதே டப்பாவில் இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

கேஸ் மாத்திரை எங்கே?

பேன்டோபிரசோல் போன்ற மாத்திரையும் வெறும் வயிற்றில், டிபனுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது. இரண்டும் வெறும் வயிறு என்பதால் பலரும் ஒன்றாக விழுங்குகிறார்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு என்றால் ஐந்து மணிக்குத் தைராக்சின், ஆறு மணிக்குக் காபி, ஏழு மணிக்குக் கேஸ் மாத்திரை, ஏழரைக்கு இட்லி.

ஆனால் இங்கே நேரம் மாற்றுவது மட்டும் முழுத் தீர்வு ஆகாது. இந்த மாத்திரை நாள் முழுவதும் அமிலத்தைக் குறைத்தே வைத்திருக்கும். அமிலம் குறைந்தால் தைராக்சின் சரியாகக் கரையாது, எவ்வளவு தள்ளிப் போட்டாலும் சரி. தொடர்ந்து போட வேண்டியிருந்தால் டாக்டர் தைராக்சின் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரலாம். அதனால் கேஸ் மாத்திரையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், தைராய்டு பார்க்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "சாதாரண கேஸ் மாத்திரைதான்" என்று நீங்களே கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுவதில் இந்தச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

தவறு நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் மாத்திரை மறந்துபோனாலோ, ஒரு நாள் காபி முந்திக்கொண்டாலோ உடம்பில் எதுவும் தெரியாது. அன்றைக்கே ஞாபகம் வந்து வயிறும் காலியாக இருந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

தினமும் நடக்கும் தவறும் அதே காரணத்தால் உடனே தெரியாது. வாரங்கள் கழித்துத்தான் களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல் என்று மெல்ல வரும். அதற்குள் தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டி.எஸ்.எச். என்ற அளவு ஏறியிருக்கும். இந்த அளவு ஏறினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம், இறங்கினால் அதிகம் என்று அர்த்தம். டோஸ் மாற்றினாலும் மாத்திரை நேரத்தை மாற்றினாலும், 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பரிசோதிக்க வேண்டும். பத்து நாளில் பார்த்தால் பணம் வீண்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சுரப்பி முழுவதும் வேலை செய்யாமல் போனவருக்கே ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் தேவைப்படும். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது கிட்டத்தட்ட 100. அவருக்கு 150 கொடுத்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், மருந்து உள்ளே சேரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மாத்திரையோடு அவர் வேறென்ன விழுங்குகிறார் என்பதைத்தான்.

நேரத்தை மாற்றாமல் இருப்பது முக்கியம் என்று மேலே சொன்னதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. உங்களுக்கு 100 மைக்ரோகிராம் என்று டாக்டர் முடிவு செய்தது, நீங்கள் அப்போது போட்டுக்கொண்டிருந்த விதத்தில் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து. காபியோடு சேர்த்துப் போட்டுப் போட்டு, டி.எஸ்.எச். இறங்காமல், டோஸ் 75-லிருந்து 100, 100-லிருந்து 125 என்று ஏறியவர் ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளையிலிருந்து சரியாகப் போடத் தொடங்கினால் என்ன ஆகும்? அதுவரை வீணான மருந்தும் உள்ளே போகும். சில வாரங்களில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. ஆகவே ஏற்கெனவே பல வருடங்களாக மாத்திரை போடுகிறவர்கள் நேரத்தைத் திருத்தும் முன் டாக்டரிடம் பேசுங்கள். "இதுவரை காபியோடு போட்டேன், இனி ஒரு மணி நேரம் முன்பு போடப் போகிறேன்" என்று சொன்னால் போதும். அளவை மாற்றுவதா, பரிசோதித்துவிட்டு முடிவு செய்வதா என்று அவர் பார்த்துக்கொள்வார். கம்பெனி மாற்றி மாத்திரை வாங்கும்போதும் இப்படித்தான். ஒரே பெயரில் தொடர்ந்து வாங்குங்கள், மாற்ற நேர்ந்தால் சொல்லுங்கள்.

கர்ப்பம் தரித்தவர்களுக்குத் தைராக்சின் தேவை ஆரம்ப வாரங்களிலேயே கூடிவிடும். நாள் தள்ளிப்போனது உறுதியான உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் காலத்தில்தான் இரும்பும் கால்சியமும் சேர்ந்துகொள்கின்றன என்பதால், மேலே எழுதிய கால அட்டவணை அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளன்று, காலையில் போடுகிறவர்கள் ரத்தம் எடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். போட்டுச் சில மணி நேரம் வரை ரத்தத்தில் டி4, அதாவது தைராக்சின் அளவு தற்காலிகமாக ஏறி நிற்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்க் கொடுத்தால், பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பயோட்டின் உடம்பில் இருக்கும் தைராய்டு அளவை மாற்றாது, ஆனால் பல லேப்களில் கருவி காட்டும் எண்ணைத் தவறாக்கிவிடும். நிறுத்த மறந்துபோயிருந்தால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் வந்து கொடுங்கள்.